எந்தக் கணக்கில் என்று கேட்டவர்

லார்ன் வான்டிவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் அவருடைய பொறுமையைப் பற்றித்தான் சொல்வார்கள். பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது. முப்பது வருஷம் ஒரே அறையில் அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தவள் நான். அப்படி ஒரு நச்சரிப்புப் பிடித்த மனுஷனை பாசடீனா ஊர் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. வியாழன் கிரகத்தில் இன்ன இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், தலையைத் தூக்காமல் கேட்பார்: "எந்தக் கணக்குல?"

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முழிப்பார்கள். பழையவர்கள் பல்லைக் கடிப்பார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்தக் கேள்வியை அச்சடித்த காபிக் கோப்பையே வாங்கிக் கொடுத்தோம். கேலி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கடைசி நாள்வரை அதில்தான் குடித்தார்.

கேள்வியில் நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வியாழனுக்குத் தரை கிடையாது. மலை, கடற்கரை என்று குறித்து வைக்க ஒன்றும் கிடையாது. மேலே தெரிவதெல்லாம் மேகம். அந்த மேகமும் ஒவ்வொரு பட்டையில் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். அப்படியிருக்க, தீர்க்கரேகையை எங்கிருந்து எண்ணுவது? அதனால் மூன்று கணக்கு வைத்திருக்கிறோம். நடுக்கோட்டு மேகங்களோடு சுற்றுவது முதல் கணக்கு. அதற்கு வடக்கிலும் தெற்கிலும் இருக்கும் மேகங்களோடு சுற்றுவது இரண்டாம் கணக்கு. கிரகத்தின் உள்ளே இருக்கும் காந்தத்தோடு சுற்றுவது மூன்றாம் கணக்கு. இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு சுற்றுக்குப் பதினோரு விநாடிதான் வித்தியாசம். பதினோரு விநாடி என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். ஒரு மாதத்தில் அது எட்டு பாகை தள்ளிப்போய் நிற்கும்.

வீட்டுத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க வியாழனைப் படம்பிடிக்கிறார்களே, அந்த ஆர்வலர்கள் எல்லோரும் இரண்டாம் கணக்கில் பேசுவார்கள். வியாழனின் தென்பாதியில் சுழலும் பெருஞ்சிவப்புப் புயல் அந்தக் கணக்கில்தான் ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கும். விண்கலம் ஓட்டுகிற நாங்கள் மூன்றாம் கணக்கில் பேசுவோம். லார்ன் பன்னிரண்டு வயதில் இரண்டாம் கணக்கில் பேச ஆரம்பித்தவர். வேலைக்கு வந்த பிறகுதான் மூன்றாவதைப் படித்தார். தாய்மொழியும் பள்ளிக்கூட மொழியும் போல இரண்டும் அவர் தலைக்குள் தனித்தனியாக இருந்தன.

அவர் டெக்சஸ் கடற்கரை ஆள். ராக்போர்ட் பக்கத்தில் இறால் படகு வைத்திருந்த குடும்பம். அவர் சிறுவனாக இருந்தபோது ஒரு சூறாவளி வந்து வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் மாலை வானொலியில் அந்தச் சூறாவளி செத்துவிட்டது என்று சொன்னார்களாம். கரை ஏறியது, கீழே இருந்த சூடான கடல் போனது, மரமும் மண்ணும் உராய்ந்தன, அவ்வளவுதான், முடிந்தது. "எங்க கூரைய எடுத்துக்கிட்டு ஒரு நாள் கூட உயிரோட இருக்கலயே, அந்தக் கோபம் எனக்கு" என்பார். சாகாத புயல் ஒன்று இருக்கிறது என்று பள்ளிக்கூட நூலகத்தில் படித்ததும் அதைத் தேட ஆரம்பித்தாராம்.

என் வேலை தொட்டி. அடித்தளத்தில் ஒரு பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கீழிருந்து சூடுகாட்டி, பம்பரமாகச் சுற்றவிடுவேன். சுற்றாத தண்ணீரில் சூடு மேலே வரும், ஆறும், கீழே போகும், சோற்றுப்பானை போல. வேகமாகச் சுற்றினால் அந்தக் கொந்தளிப்புக்கு வடக்கு தெற்காக நெடுந்தூரம் போக வழி இருக்காது. சுழற்சி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். சின்னச் சின்னச் சுழிகள் தங்கள் பலத்தை ஓட்டங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கரைந்துபோகும். கொஞ்ச நேரத்தில் சாயம் வளையம் வளையமாகப் பிரியும். ஒன்று கிழக்கே ஓடும், அடுத்தது மேற்கே ஓடும். வியாழனில் நடப்பதும் அதுதான். அவ்வளவு பெரிய உடம்பு பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. பிறந்தபோது அடைந்த சூடு இன்னும் உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. வெளிர்ப்பட்டைகளில் காற்று மேலேறி, உயரத்தில் அமோனியாப் பனியாக உறைந்து வெள்ளையாகத் தெரியும். பழுப்புப்பட்டைகளில் காற்று இறங்கும், அந்த மேகம் மெலிந்து அடியில் இருக்கும் நிறம் தெரியும். இரண்டும் சந்திக்கிற ஓரத்தில்தான் காற்று பேயாய் ஓடும்.

எதிரெதிராக ஓடுகிற இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் ஒரு சுழியைப் போட்டால், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பென்சிலை உருட்டுகிற மாதிரி அது உருண்டுகொண்டே இருக்கும். சிவப்புப் புயல் அப்படித்தான் இருக்கிறது. வடக்கே மேற்குநோக்கி ஒரு ஓட்டம், தெற்கே கிழக்குநோக்கி ஒரு ஓட்டம், நடுவில் இது. ஆனால் என் தொட்டிச் சுழி அரைமணி நேரம்கூடத் தாங்காது. லார்ன் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்று பார்ப்பார்.

"செத்துருச்சா?"

"செத்துருச்சு. தெனமும் வந்து சாவு கேக்கணுமா உங்களுக்கு?"

"உன் தொட்டிக்கு அடி இருக்கு தெல்மா. அதான் உராய்ஞ்சு சாகுது. அங்க அடியே இல்ல. யாரு நிறுத்துறது?"

"அடி இல்லன்னாலும் சூடு மேல வழியா போயிட்டேதான் இருக்கும். கணக்குப் போட்டா எழுபது எண்பது வருஷத்துக்கு மேல தாங்கக் கூடாது. நூத்தித்தொண்ணூறு வருஷமா விடாம பாத்துட்டு இருக்கோம். எவனோ சோறு போடுறான்."

"சின்னப் புயலத் தின்னுது."

"தின்னுறது பத்துமா?"

அந்தக் கேள்வி வந்தால் போதும், சாண்ட்விச்சைச் சுற்றிய காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடியேறிவிடுவார். அவர் வாழ்நாளே அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது. தின்பது பத்தாதென்றால், புயலுக்கு வேர் எவ்வளவு ஆழம், மேகத்துக்குக் கீழே எதுவரை சுற்றுகிறது? வேர் ஆழமாக இருந்தால் உள்ளே அவ்வளவு பலம் சேமித்து வைத்திருக்கிறது, மேலே என்ன ஆனாலும் தாங்கும். மேலோட்டமான தோல் என்றால் சீக்கிரம் போய்விடும். நானூறு வருஷம், முன்னூறு வருஷம் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். முதலில் பார்த்த புள்ளியும் இதுவும் ஒன்றுதானா என்பதே சந்தேகம். ஆனால் தொடர்ந்து பார்த்த காலத்தில் அது சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு காலத்தில் மூன்று பூமியை வரிசையாக உள்ளே வைக்கலாம். இப்போது ஒன்று வைத்தால் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

அப்புறம் அது உரிய ஆரம்பித்தது. கிழக்கிலிருந்து சின்னச் சுழிகள் சாரைசாரையாக வந்து புயலின் ஓரத்தில் முட்டின. ஒவ்வொன்று முட்டும்போதும் சிவப்பில் ஒரு துண்டு பிய்ந்து, மேற்குப்பக்கம் நாடாபோல் தொங்கிப் பிரிந்து போனது. பிரிஸ்பேனிலிருந்து கிளைவ் பாம்ராய் என்கிற ஓய்வுபெற்ற பல் மருத்துவர் படம் அனுப்பினார். அவர் கொல்லைப்புறத் தொலைநோக்கியில் எடுத்தது. ரத்தம் வழிகிற மாதிரி இருந்தது. அதை அப்படியே லார்ன் மேஜைமேல் வைத்தேன்.

"இது மேகம் உரியுறது. காத்து அப்படியேதான் சுத்துது" என்றார் லார்ன். "சிவப்பு வேற, புயல் வேற. சட்டை கிழிஞ்சா ஆள் செத்துட்டான்னு அர்த்தமா?"

சொல்லும்போது அவர் குரலில் தெம்பில்லை.

அந்த நேரத்தில் எங்கள் கலம் வியாழனைச் சுற்றிக்கொண்டிருந்தது. நீண்ட வட்டப்பாதை. ஏழு வாரத்துக்கு ஒருமுறை வடக்கிலிருந்து தெற்காக மேகத்தை உரசுகிற மாதிரி விழுந்தடித்துப் போகும். எந்தத் தீர்க்கரேகைமேல் போகும் என்பதை முன்கூட்டியே என்ஜினைக் கொஞ்சம் இயக்கித் திருத்தலாம். புயலின் நேர்மேலே ஒருமுறை போனால், கீழே இருக்கிற கனம் கலத்தை இழுக்கிற இழுப்பில் அதன் ரேடியோக் குரல் நூலளவு மாறும். அதிலிருந்து வேரின் ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம். வியாழனின் கதிர்வீச்சில் கருவிகள் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டு வந்தன. என்ஜின் வால்வு ஒன்று மக்கர் பண்ணியது. இந்த ஒரு திருத்தம்தான், இந்த ஒரு கடப்புதான் என்று திட்டத் தலைவி பெட்டினா ஆல்டஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஏழு வாரம் கழித்துப் புயல் எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியவர் லார்ன். அவரைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

"இத மட்டும் பாத்துட்டா போதும் தெல்மா" என்றார் என்னிடம். "அப்புறம் நடீனக் கூட்டிட்டு ராக்போர்ட் போய் மீன் புடிப்பேன்." நடீன் அவர் மனைவி. மீன் வாசமே ஆகாது அவளுக்கு.

அதே வாக்கியத்தை அன்று மத்தியானம் திரும்பச் சொன்னார். அதே சிரிப்பு, மீனுக்கும் நடீனுக்கும் நடுவில் அதே இடைவெளி. நான் கிண்டல் செய்தேன்: "கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொல்றீங்களே, வயசாயிடுச்சு கிழவரே." அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டுமுறை அப்படி ஏதாவது நடந்தது. கார் நிறுத்துமிடத்தில் தன் கார் முன்னாலேயே நின்றுகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். ஆல்டடீனாவில் இருபது வருஷமாகக் குடியிருக்கிற வீட்டுக்கு எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று போனில் நடீனைக் கேட்டார். மலையிலிருந்து வறண்ட காற்று வீச ஆரம்பித்தாலே இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு நடுக்கம் வரும், எங்கேயோ தீ பிடிக்கப்போகிறது என்று. எனக்கு அந்த வாரங்கள் முழுக்க அப்படித்தான் இருந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, ஏதோ வருகிறது என்று மட்டும் தெரிந்தது.

புயல் இருக்கப்போகும் தீர்க்கரேகையின் எண்ணை லார்ன் ஒப்படைத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. தொட்டியின் தாங்கி உடைந்து அடித்தளமெல்லாம் தண்ணீர். பிறகு பெட்டினா சொல்லித்தான் தெரியும். லார்ன் எழுந்து ஒரே ஒரு எண்ணைச் சொன்னாராம். எல்லோரும் எழுதிக்கொண்டார்களாம். கைதட்டல்கூட இருந்ததாம்.

என்ஜின் இயங்கிய நாளில் வேர்க்கடலை டப்பா கைமாறியது. முக்கியமான நேரத்தில் வேர்க்கடலை தின்றால் கலத்துக்கு நல்லது என்று எங்கள் கட்டடத்தில் ஒரு மூடநம்பிக்கை. விஞ்ஞானிகள் என்று பெயர். வால்வு மக்கர் பண்ணாமல் திறந்து மூடியது. லார்ன் இரண்டு கைப்பிடி தின்றார்.

அடுத்த வாரம் கிளைவ் பாம்ராயிடமிருந்து புதிய படமும் வழக்கமான இரண்டு வரியும் வந்தன. நமக்குத் தெரிகிற முகத்தின் நட்டநடுவைப் புயல் கடந்த நேரம், இரண்டாம் கணக்கில் அதன் இடம். நான் அதை மூன்றாம் கணக்குக்கு மாற்றி, கடப்பு நாள்வரை ஓடவிட்டுப் பார்த்தேன். சும்மா, கை பழக்கத்தில் செய்தது. லார்னின் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. கிளைவ் தப்பாக எழுதியிருப்பார் என்று நினைத்தேன். பல்லைப் பிடுங்குகிறவர்தானே. முந்தைய வாரப் படத்தை எடுத்தேன். அதற்கு முந்தையதையும் எடுத்தேன். எல்லாம் ஒரே மாதிரி விலகின. ஒரு புயல் அகலத்துக்கு விலகின.

எதிர் மேஜையில் அவர் அந்தக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"லார்ன்" என்றேன். "நீங்க குடுத்த எண்ல, புயல் பொறப்பட்ட எடம் மூணாவது கணக்குல இருக்கு. மாசத்துக்கு எவ்வளவு நகரும்னு போட்டீங்களே, அது எந்தக் கணக்குல?"

அவரிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை. முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட இல்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.  தன் திரையைப் பார்த்தார். அப்புறம் தன் கைகளைப் பார்த்தார்.

"மாசம் ரெண்டு பாகை" என்றார் மெதுவாக. "எப்பவும் ரெண்டுதானே."

"அது ரெண்டாவதுல. மூணாவதுல அந்த எட்டும் சேந்து பத்து."

"ஆமா. பத்து." கோப்பையைத் தள்ளிவைத்தார். "எனக்குத் தெரியும் தெல்மா. பத்துன்னு எனக்குத் தெரியும்."

அழுகிற ஆள் இல்லை அவர். அன்றும் அழவில்லை.  தப்பு யாருக்கும் வரும். ஆனால் இந்தத் தப்பு அவருக்கு வராது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்கிற மனுஷன். புதிதாகப் படித்தது நழுவி, பிள்ளைப் பிராயத்தில் படித்தது மட்டும் மேலே வந்து நின்றுவிட்டது என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. அவருக்கும் புரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஐந்து நிமிஷத்தில் எழுந்து, டையைச் சரிசெய்துகொண்டு, பெட்டினாவின் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"நான் தப்பான எண் குடுத்துட்டேன்" என்றார். "ரெண்டையும் கலந்துட்டேன். கலம் புயலுக்குக் கிழக்க போகும். ஒரு புயல் அகலம் தள்ளி."

பெட்டினா அவரையே பார்த்தாள். நாற்பது வயது ஆகவில்லை அவளுக்கு. நல்லவள், ஆனால் சுள்ளென்று பேசுவாள்.

"இன்னொரு தடவ என்ஜின இயக்கலாமா?" என்று நான் கேட்டேன்.

"வால்வு மறுபடி தொறந்து மூடலன்னா? கலத்தோட ஆன்டெனா பூமியப் பாக்காம திரும்பிடும். அப்புறம் ஒண்ணுமே இல்ல. இல்ல தெல்மா. முடியாது."

"நீங்க யாருமே சரிபாக்கலயா? ரெண்டு பேரு பாக்கணும்னு ஒரு முறை இல்லயா?"

"பாத்தாங்க. அவரு எண்ண வெச்சுத்தான் மத்ததெல்லாம் பாத்தாங்க." பெட்டினா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "எந்தக் கணக்குன்னு அவருகிட்ட யாரு கேப்பாங்க? அவருதானே கேக்குறவரு."

லார்ன் தலையசைத்தார். சரியான பதில் சொன்ன மாணவியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் காத்திருந்தோம். தப்பப்போகிறது என்று தெரிந்தே காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கலம் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. கிளைவின் படங்கள் வந்துகொண்டிருந்தன. புயல் நாளுக்கு நாள் நாங்கள் குறிவைத்த இடத்தைவிட்டு மேற்கே நழுவிக்கொண்டிருந்தது. இன்னொரு சிவப்புத் துண்டு பிய்ந்தது. நடீன் அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். நாங்கள் பயந்த மறதி நோயையே மருத்துவரும் சொன்னார். எல்லாம் மறந்துபோக வருஷங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம் என்றாராம்.

"கடப்பு முடியிற வரைக்கும் வரேன்" என்றார் லார்ன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வந்தார். ஒருநாள் காலையில் என் மேஜைக்கு வந்து கிளைவின் படத்தை நீட்டினார். 

"கிழக்க போறோம்ல? அங்க என்ன இருக்கு பாரு."

பார்த்தேன். புயலின் வடக்கு ஓரத்தை உரசி மேற்கே ஓடும் காற்றில் ஒரு சின்னச் சுழி வந்துகொண்டிருந்தது. வெள்ளையாக, பட்டாணி அளவில். கடப்பு நாளில் கலம் அதற்கு மேலேதான் போகும்.

"இது இரை" என்றார். "சில நாள்ல அது வாய்க்குள்ள போயிடும். போறதுக்கு முன்னாடி அது எவ்வளவு ஆழம்னு பாத்துரலாம். தின்னுறது பத்துமான்னு கேட்டல்ல? தட்டுல என்ன இருக்குன்னு பாரு."

அன்றைக்கு அவர் தலை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அப்படிச் சில காலைகள் வாய்த்தன. பெட்டினா முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு மேகத்துக்கு அடியில் ஊடுருவிப் பார்க்கிற கருவியைச் சுழிமேல் திருப்ப ஒப்புக்கொண்டாள். வேறு என்ன செய்ய, சும்மா வெறித்துப் பார்த்துக்கொண்டு போவதா?

கடப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். வேர்க்கடலை டப்பா சுற்றி வந்தது. லார்ன் எடுக்கவில்லை. முதல் படம் வந்ததும் எல்லோரும் திரையை நெருங்கினார்கள். கீழே வெள்ளையும் பழுப்புமாகப் பட்டைகள், ஓரமெல்லாம் நுரைத்துச் சுருண்டு. நடுவில் அந்தச் சின்னச் சுழி. படத்தின் மேற்கு ஓரத்தில், அடிவானத்தோடு ஒட்டி, புயல் படுத்துக்கிடந்தது. செங்கல் நிறத்தில் ஒரு விளிம்பு மட்டும் தெரிந்தது. முப்பது வருஷம் தேடிய ஆள் தெருமுனையில் நம்மைப் பார்க்காமல் திரும்பிப் போகிற மாதிரி இருந்தது.

"தோ இருக்கு" என்றார் லார்ன். 

சுழி மெல்லியதாகத்தான் இருந்தது. மேலே கொஞ்சம், அதற்கடியில் ஒன்றுமில்லை. "சூப் மட்டும்தான், சாதம் இல்ல" என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இது பத்தாது என்று அவருக்கும் தெரிந்தது. பத்தாது என்றால் புயல் பழைய சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்தச் சேமிப்பு எவ்வளவு என்பதைத்தான் பார்க்காமல் விட்டுவிட்டோம். அந்த வெள்ளிக்கிழமை கோப்பையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

கலம் செத்துவிடும் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். அது பிடிவாதமாகச் சாகவில்லை. அடுத்த வருஷம் பாதை தானாக நகர்ந்து, என்ஜினைத் தொடாமலேயே புயலுக்கு நேர்மேலே ஒரு கடப்பு வாய்த்தது. இந்தமுறை இடத்தைக் கணக்கிட்டவள் நான். எந்தக் கணக்கு என்று எத்தனை பேரை என்னிடம் கேட்கவைத்தேன் என்பது எனக்கே தெரியாது, என்னைக் கண்டாலே ஓடினார்கள். ரேடியோக் குரல் நூலளவு மாறியது. விடை வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆல்டடீனாவுக்குப் போனேன். நடீன் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள்.

"இன்னைக்குப் பரவாயில்ல. உன்னத் தெரியும்னு நெனக்கிறேன். பேரு கேட்டா வருத்தப்படாத" என்றாள்.

லார்ன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் கம்பளி. மலைக்காற்றில் வெளியே யூக்கலிப்டஸ் மரம் ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார், மரியாதையாக, விருந்தாளியைப் பார்ப்பதுபோல்.

"லார்ன், பாத்துட்டோம்" என்றேன். "வேர் இருக்கு. சில நூறு கிலோமீட்டர் ஆழம். நாம நெனச்ச தோல் இல்ல. அகலத்தோட பாத்தா தட்டுதான், ஆனா மேகத்துக்கு ரொம்பக் கீழ வரைக்கும் சுத்துது. பட்டைகளோட ஓட்டம் அதுக்கும் கீழ, ஆயிரக்கணக்குல போகுது. அதான் அத ரெண்டு பக்கமும் புடிச்சு உருட்டுது."

"அடி இல்ல" என்றார். "யாரு நிறுத்துறது?"

சாண்ட்விச்சோடு தொட்டியருகே வந்து நின்று கேட்ட அதே கேள்வி. "யாரும் இல்ல" என்றேன். "ஆனா சுருங்குது லார்ன். இன்னும் சுருங்குது. எவ்வளவு நாளுன்னு தெரியல."

"புயல் கரை ஏறுச்சா?"

"எந்தப் புயல்?"

"எங்க கூரைய எடுத்துட்டுப் போச்சே."

நடீன் ஐஸ் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். வேர் இருக்கிறது என்றேன். முகம் மலர்ந்தது, முதல்முறை கேட்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து, "வேர் இருக்கா தெரியல" என்றார். மூன்றாவது முறையும் சொன்னேன். மூன்றாவது முறையும் மலர்ந்தது. அந்த மகிழ்ச்சிக்காக நூறு தடவை சொல்லியிருப்பேன்.

ஜன்னல்கட்டையில் அந்தக் கோப்பை இருந்தது. உள்ளே ஏதோ செடியின் கிளை, வேர்விடுவதற்காகத் தண்ணீரில் வைத்திருந்தார்கள். வெளிப்பக்கம் அச்சடித்த எழுத்து பாதி அழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு அசட்டு நம்பிக்கை வந்தது. இந்த மனுஷனுக்குள் எது போனாலும் அந்தக் கேள்வி மட்டும் போகாது, அது அவருடைய வேர் அல்லவா என்று நினைத்தேன். எந்தக் கணக்கு என்பதை விட்டுவிட்டு, வேண்டுமென்றே பாதியாகச் சொன்னேன்.

"இன்னைக்குப் புயல் எங்க இருக்கு தெரியுமா லார்ன்? நாப்பத்தேழுல இருக்கு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். டீயில் ஐஸ் உருகியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு மரத்தைப் பார்த்தார், பிறகு மறுபடி என்னை.

"நாப்பத்தேழு" என்றார், அன்பாக. "நல்லது. நல்ல எடம்தான்."